முன்னும் பின்னும் நடந்து ஓரிடத்தில் சேரும் தொடர்

தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையில் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு 100 செ.மீ. முன்னால் போய் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து நூறில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.3 செ.மீ. பின்னால் வாருங்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கு முன்னால், ஏழில் ஒரு பங்கு பின்னால், ஒன்பதில் ஒரு பங்கு முன்னால் என்று போய்க்கொண்டே இருங்கள். புள்ளிகள் விழும் இடங்கள் இவை: 100, 66.7, 86.7, 72.4, 83.5, 74.4. புள்ளிகள் நெருங்கி நெருங்கி 78.54-ஐச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அந்த 78.54 என்பது 100 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில் சரியாக நான்கில் ஒரு பங்கு.

இந்தத் தொடரை, 1 − 1/3 + 1/5 − 1/7 + … = π/4 என்பதை, லைப்னிட்ஸ் 1673, 1674 வாக்கில் பாரிஸில் கண்டறிந்தார். சட்டம் படித்துவிட்டு அரசியல் காரியமாகப் பாரிஸ் வந்தவர் அவர். ஹைகன்ஸிடம் கணிதம் கற்கத் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. வட்டத்தின் பரப்பை வெறும் ஒற்றைப்படை எண்களைக் கொண்டு எழுதிவிட முடியும் என்பது ஹைகன்ஸையே மகிழ வைத்தது. 1682இல் 'ஆக்டா எருடிடோரம்' இதழில் லைப்னிட்ஸ் அதை அச்சிட்டார்.

ஆனால் முடிவில்லாமல் நீளும் ஒரு கூட்டல் ஏன் ஓர் எண்ணில் போய் நிற்க வேண்டும்? உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகின்றன, அதனால் நிற்கிறது என்று சொன்னால் போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத் தொடரிலும் உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கித்தான் போகின்றன. ஆனாலும் அது எங்கும் நிற்காது என்பதை ஓரேம் 14ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரையைத் தாண்டும். அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தாலும் அரையைத் தாண்டும், அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும் கூட்டலுக்கு எல்லை ஏது?

குறி மாறுவது மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. 1703இல் இத்தாலியில் கிராண்டி என்ற துறவி 1 − 1 + 1 − 1 + … என்ற தொடரைப் பேசுபொருளாக்கினார். இதன் பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். 1713இல் லைப்னிட்ஸே இதன் மதிப்பு 1/2 என்று கிறிஸ்டியன் வோல்ஃபுக்கு எழுதினார். ஒன்றும் பூஜ்யமும் சம வாய்ப்புடன் வருவதால் நடுவைக் கொள்ளலாம் என்பது அவர் வாதம். இன்றைய பொருளில் அந்தத் தொடர் ஒருங்குவதில்லை. அது ஒவ்வொரு முறையும் முழு அடி பின்வாங்கி முழு அடி முன்னேறுகிறது, இடைவெளி குறைவதே இல்லை.

குறி மாறி மாறி வரும் தொடரில் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே பூஜ்யத்தை நோக்கிப் போனால் தொடர் ஒருங்கும் என்பது இன்று லைப்னிட்ஸ் சோதனை எனப்படும் தேற்றம். அதே காலத்தில்தான் அதுவும் பிறந்தது. லைப்னிட்ஸ் அப்போது வியன்னாவில் இருந்தார், வயது 67. பேசலில் இருந்த யோகான் பெர்னூலிக்கு 1713 அக்டோபரில் எழுதிய கடிதத்தில் முடிவைச் சொன்னார், 1714 ஜனவரி 10 தேதியிட்ட கடிதத்தில் நிரூபணத்தைக் கொடுத்தார். பாரிஸில் தொடரைக் கண்டதற்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்.

நிரூபணத்தின் சாரம் நாம் போட்ட கோட்டிலேயே இருக்கிறது. 100இல் நின்று 33.3 பின்னால் வந்தோம். அடுத்த முன்னடி 20தான், பின்வாங்கியதைவிடச் சிறியது. ஆகவே 100ஐ மறுபடி தொட முடியாது, 86.7இல் நின்றுவிடுகிறோம். அங்கிருந்து பின்வாங்கும் 14.3 இந்த 20ஐ விடச் சிறியது. ஆகவே 66.7க்கும் திரும்ப முடியாது. இப்படி வலப்பக்கப் புள்ளிகள் 100, 86.7, 83.5 என்று உள்ளே வருகின்றன, இடப்பக்கப் புள்ளிகள் 66.7, 72.4, 74.4 என்று உள்ளே வருகின்றன. இரு பக்கமும் வேலி போட்டுக்கொண்டே நடக்கிறோம். போட்ட வேலியை எந்த அடியும் தாண்டுவதில்லை.

இனி கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு வேலிகளுக்கும் நடுவே உள்ள அகலம் என்ன? கடைசியாக வைத்த அடியின் நீளமேதான். இசைத் தொடரில் அடி சிறுத்தால் அடி மட்டுமே சிறுக்கும், இன்னும் போக வேண்டிய தூரம் எவ்வளவு என்று அது சொல்லாது. இங்கே அடி சிறுப்பதும் வேலி சுருங்குவதும் ஒன்றே. அடி பூஜ்யத்தை நோக்கிப் போனால் வேலியின் அகலமும் பூஜ்யத்தை நோக்கிப் போகும், நடுவில் ஒரே ஒரு புள்ளிக்குத்தான் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் கட்டாயம் ஓர் எண் இருக்கிறது என்பதை லைப்னிட்ஸ் கேள்வி இல்லாமலே ஏற்றுக்கொண்டார். எண்கோட்டில் ஓட்டை இல்லை என்ற அந்த அடித்தளம் 19ஆம் நூற்றாண்டில்தான் போடப்பட்டது.

இதே வேலி பிழையின் அளவையும் கையில் கொடுத்துவிடுகிறது. எங்கே நிறுத்தினாலும் உண்மையான எல்லைக்கும் நமக்கும் உள்ள தூரம் அடுத்த உறுப்பைவிடக் குறைவு. ஐந்து உறுப்புகளில் நிறுத்தினால் 0.8349, அடுத்த உறுப்பு 1/11, அதாவது 0.0909. உண்மையான பிழை 0.0495. எல்லை கிடைப்பது உறுதிதான், ஆனால் மிக மெதுவாகக் கிடைக்கும். பிழை ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே வரும் என்று இந்த விதியை மட்டும் நம்பிச் சொல்ல 500 உறுப்புகள் வேண்டும்.

இந்த மந்தத்துக்கு மருந்து கண்டவர்கள் லைப்னிட்ஸுக்கு முன்பே இதே தொடரை அறிந்திருந்தார்கள். கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் வழிவந்த கணிதர்கள் அவர்கள். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவன் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷை' அதை விளக்கத்தோடு தருகிறது. எங்கே நிறுத்துகிறோமோ அங்கே கடைசியில் ஒரு திருத்தத்தைச் சேர்ப்பது அவர்கள் வழி. அந்தத் திருத்தங்களில் எளியது 1/(4n), n என்பது எடுத்துக்கொண்ட உறுப்புகளின் எண்ணிக்கை. ஐந்து உறுப்புகளுக்குத் திருத்தம் 1/20. நாம் எல்லைக்கு வலப்பக்கம் நிற்பதால் அதைக் கழிக்க வேண்டும்: 0.8349 − 0.05 = 0.7849. உண்மை 0.7854. ஐந்தே உறுப்புகளில் பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது! வேலி எங்கே இருக்கிறது என்பதோடு நிற்காமல், அதற்குள் எல்லை எந்த இடத்தில் இருக்கும் என்றும் அவர்கள் கணித்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொடரின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

ஒன்றை மட்டும் மாணவர்கள் தவறவிடுகிறார்கள். 1 − 1/2 + 1/2 − 1/4 + 1/3 − 1/8 + 1/4 − 1/16 + … என்ற தொடரைப் பாருங்கள். குறி ஒழுங்காக மாறுகிறது, உறுப்புகளும் பூஜ்யத்துக்குப் போகின்றன. ஆனால் முன்னடிகள் இசைத் தொடர், அவை எல்லையில்லாமல் சேரும். பின்னடிகள் எல்லாம் சேர்ந்தும் 1ஐத் தாண்டாது. ஆகவே இந்தத் தொடர் ஒருங்காது. 1/4 பின்வாங்கிய பிறகு 1/3 முன்னே போனோமே, அங்கேதான் வேலி உடைந்தது. பூஜ்யத்தை நோக்கிச் சிறுப்பது போதும் என்று சொல்லும்போது, ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிடப் பெரிதாகாமல் சிறுப்பதையே சொல்கிறோம். லைப்னிட்ஸ் சோதனையைப் பயன்படுத்தும் மாணவர்கள் உறுப்பு பூஜ்யத்துக்குப் போகிறது என்ற வரியோடு நிறுத்திவிடாமல், முந்தையதைவிடச் சிறியது என்பதையும் சரிபார்த்து எழுத வேண்டும்.