செல்லரித்த ஓலையும் அம்சக் கட்டமும்

கும்பகோணம் பக்கத்து வீடொன்றில் பரணிலிருந்து இறக்கிய ஓலைக் கட்டில் அந்த ஜாதகம் இருந்தது. குடும்பத்தாரின் கொள்ளுத்தாத்தாவுடையது. அவர் எப்போது பிறந்தார் என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னார்கள். ஆண்டும் தேதியும் எழுதிய இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஆவணி மாதம், ரோகிணி நட்சத்திரம் என்பவை தப்பியிருந்தன. கீழே பக்கம் பக்கமாக இரண்டு கட்டங்கள். ஒன்றின் நடுவில் ‘ராசி’, மற்றதில் ‘அம்சம்’.

ராசிக் கட்டம் உடல், அம்சம் உயிர் என்பார்கள் ஜோதிடர்கள். கிரகத்தின் உண்மையான பலத்தையும், வாழ்க்கைத் துணையையும் அம்சத்தில்தான் பார்ப்பார்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது அதன் கணக்கு. 30 பாகை கொண்ட ராசியை ஒன்பதாகக் கூறு போட்டால் ஒரு கூறு 3 பாகை 20 கலை. அதுதான் நவாம்சம். சிம்ம ராசியின் முதல் கூறு மேஷத்தில் தொடங்கும். அடுத்தது ரிஷபம், அதற்கடுத்தது மிதுனம். ‘சூரியன் சிம்மத்தில்’ என்று ராசிக் கட்டம் சொல்வது ஆவணி மாதம் முழுவதற்கும் பொருந்தும். அம்சமோ அதற்குள் மூன்றரை நாளைச் சுட்டிக் காட்டும்.

ஓலையில் சூரியனின் அம்சம் கன்னி. மேஷத்திலிருந்து எண்ணினால் ஆறாவது கூறு, அதாவது சிம்மத்தில் 16 பாகை 40 கலையிலிருந்து 20 பாகை வரை. சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால் பூச்சி தின்ற தேதி ஆவணி 18க்கும் 21க்கும் இடையில் விழுந்தாக வேண்டும்.

சந்திரன் இதை உறுதி செய்தது. அதன் அம்சம் கடகம். ரோகிணி நாலாம் பாதம். ராசியில் உச்சம், அம்சத்தில் ஆட்சி. நட்சத்திர பாதமும் நவாம்சமும் ஒரே அளவுதான். 27 நட்சத்திரத்துக்கு நாலு பாதம், 12 ராசிக்கு ஒன்பது கூறு, இரண்டும் 108. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அன்று அது சூரியனுக்கு ஏறக்குறைய 87 பாகை பின்னால் இருந்திருக்கிறது. அப்படியானால் திதி தேய்பிறை அஷ்டமி. ஆவணி, ரோகிணி, அஷ்டமி! ஓலையில் பிள்ளைக்கு இட்டிருந்ததும் கண்ணன் பெயர்தான். ஓலையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குருவும் சனியும் நின்ற அம்சங்களை வைத்து ஆண்டும் பிடிபட்டது. ராசியில் இரண்டரை ஆண்டு தங்கும் சனி, ஒரு கூறைச் சராசரியாக நூறு நாளில் தாண்டிவிடும். குடும்பத்தார் விரும்பாததால் அந்த ஆண்டை இங்கே எழுதவில்லை.

செவ்வாய்தான் வழிமறித்தது. ராசியில் மிதுனம், அம்சத்தில் கடகம் என்று எழுதியிருந்தது. அது நடக்காது. மிதுனத்தின் கூறுகள் துலாத்தில் தொடங்கி மிதுனத்தில் முடிகின்றன. கடகமும் சிம்மமும் கன்னியும் அதில் வரவே வராது. ஒவ்வொரு ராசிக்கும் இப்படி மூன்று வீடுகள் விலகி நிற்கும். பழைய ஜாதகத்தில் எழுத்துப் பிழை பார்க்க இதைவிட விரைவான சோதனையை நான் அறியேன்.

கை தவறிப் பக்கத்துக் கட்டத்தில் ‘செ’ போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது: மிதுனத்தின் கடைசிக் கூறு மிதுனம், கடகத்தின் முதல் கூறு கடகம். இரண்டும் ஒட்டிக் கிடப்பவை. செவ்வாய் எல்லையில் நின்றிருக்கிறது. அந்த ஆண்டின் வாக்கியப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். செவ்வாய் இன்னும் மிதுனத்தில் இருந்தது. திருக்கணித முறையில் போட்டால் முந்தின நாளே கடகத்துக்குப் போயிருந்தது. ராசியை ஒன்றிலும் அம்சத்தை மற்றொன்றிலும் கணித்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. லக்னம் சிம்மம். செவ்வாய் மிதுனத்தில் என்றால் பதினோராம் இடம், தோஷம் கிடையாது. கடகத்தில் என்றால் பன்னிரண்டாம் இடம், நீசம், செவ்வாய் தோஷம். எந்தப் பஞ்சாங்கத்தை நம்புவது என்பதை ஓலை சொல்லாது. லக்னத்தின் அம்சத்தையும் நான் அழுத்திப் பிடிக்கவில்லை. அது சராசரியாகப் பதின்மூன்று நிமிஷத்துக்கொரு முறை மாறும், அன்று வீட்டில் யார் நாழிகை பார்த்தார்களோ.

அதே கட்டில் இந்த ஜாதகத்தைப் பார்த்து எழுதிய காகிதப் பிரதி ஒன்றும் இருந்தது. அதில் பிழையே இல்லை. அம்சக் கட்டத்துச் ‘செ’யை அடித்துவிட்டு, வேறு மையில் மிதுனத்தில் எழுதியிருந்தார்கள்.