இணைப்பு வரிசையாக்கம்: ஒப்பீட்டு எண்ணிக்கையின் வரலாறு

இரண்டு வரிசைகளின் முனைகளை ஒப்பிட்டுச் சிறியதை எடுத்துவைக்கும் முறை கணினிக்கும் முந்தியது. துளையட்டைக் கட்டுகள் இரண்டை ஒன்றாகச் சேர்க்கும் இயந்திரம் 1930களின் பிற்பகுதியில் உருவானது. எட்வாக் கணினியின் கட்டளைத் தொகுப்பு கணக்கீடு அல்லாத வேலைக்கும் பொருந்துமா என்று சோதிக்க, ஜான் வான் நாய்மன் 1945இல் எழுதிய நிரல் இந்த இணைப்பையே கையாண்டது. அவரும் கோல்ட்ஸ்டைனும் 1948இல் வெளியிட்ட அறிக்கை அதை விரிவாக விளக்கியது. இயந்திரங்களும் மொழிகளும் மாறிய பின்னும் ஒப்பீட்டு எண்ணிக்கை மாறவில்லை. ஆய்வகத்தில் முடிவுகளைக் குறிக்கும் அட்டவணையில் காகிதத்திலேயே சரிபார்க்கக்கூடிய நெடுவரிசை அதுதான்.

சி மொழியில் தற்காலிக அணி ஒன்றை `malloc` கொண்டு தொடக்கத்திலேயே ஒருமுறை ஒதுக்கி, எல்லா இணைப்புக்கும் அதையே பயன்படுத்தலாம். எண்ணியை உறுப்புகள் மோதும் இடத்தில் மட்டும் கூட்ட வேண்டும்:

```c
while (i < m && j < hi) {
    cmp++;
    t[k++] = (a[j] < a[i]) ? a[j++] : a[i++];
}
```

மீதியை நகலெடுக்கும்போது ஒப்பீடு இல்லை. `i < m` போன்ற சுட்டெண் சோதனைகளும் கணக்கில் சேரா. 8 உறுப்புகளை எடுத்துக்கொள்வோம். 1 5 3 7 2 6 4 8 என்ற வரிசையில் இணைகளுக்கு 4, நான்குகளுக்கு 6, கடைசி இணைப்புக்கு 7 என மொத்தம் 17 ஒப்பீடுகள். இதுவே உச்சம். ஏற்கெனவே வரிசையான அணிக்கு 12 போதும். தலைகீழ் அணிக்கும் 12தான். ஒவ்வொரு இணைப்பிலும் வலப்பாதி முழுதும் முதலில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே தலைகீழ் வரிசைதான் மிக மோசமானது என்ற எதிர்பார்ப்பு இம்முறைக்குப் பொருந்தாது.

இந்த எல்லைகள் பிழையையும் காட்டிக்கொடுக்கும். 1024 உறுப்புகளுக்குக் குறைந்த அளவு 5120, உச்சம் 9217. உச்சத்தைத் தாண்டினால் சுட்டெண் சோதனைகளும் எண்ணப்பட்டிருக்கலாம், அல்லது முந்தைய ஓட்டத்தின் எண்ணிக்கை பூச்சியமாக்கப்படாமல் இருக்கலாம். தற்போக்கு உள்ளீட்டுக்குச் சராசரி ஏறக்குறைய 8950. அங்கே 5120 வந்தால், முதல் ஓட்டத்தில் வரிசையாகிவிட்ட அணியே மறுபடி தரப்பட்டிருக்கும்.

ஒப்பீடு மட்டும் உண்மைச் செலவாகாது என்ற மறுப்பு நியாயமானது. ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக நினைவகம் ஒதுக்கினால் 1024 உறுப்புகளுக்கு 1023 ஒதுக்கீடுகள் ஆகும். ஒரே அணியானால் ஒன்றுதான். இரண்டிலும் ஒப்பீட்டு எண்ணிக்கை ஒன்றே. இணைத்ததை மூல அணிக்குத் திருப்பி எழுதும் நடையில், ஒவ்வொரு உறுப்பும் ஒவ்வொரு நிலையிலும் இருமுறை நகர்வதால் 20480 நகர்த்தல்கள் உண்டு. அந்த மறுப்புக்கு விடை, அட்டவணையில் நகர்த்தலுக்கும் நேரத்துக்கும் தனித்தனி நெடுவரிசைகள் சேர்ப்பதுதான். நேரம் இயந்திரத்தைப் பொறுத்து மாறும். ஒப்பீட்டு நெடுவரிசை சரியாக இருந்தால்தான், அந்த நேரம் எந்த வேலைக்கு ஆனது என்று சொல்ல முடியும்.