கொண்டைக்கடலையை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்?

ஊறுவதற்கு நெடுநேரம் தேவைப்படும் பயறுகளுள் கொண்டைக்கடலையும் ஒன்று. அதன் தடித்த தோலைக் கடந்தே நீர் உள்ளே செல்ல வேண்டியிருப்பதால், சாதாரண நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஆகும். தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்புக்கும் சோற்றுக்கான பச்சரிசிக்கும் அரை மணி நேரமே போதும்.

நீர் சூடாக இருந்தால் கடலை விரைவில் ஊறும். இரவில் ஊற வைக்க மறந்துவிட்டால், கடலையை 2 நிமிடம் கொதிக்க வைத்து, மூடி 1 மணி நேரம் விட்டு, அந்நீரை வடித்துவிட்டு வேக வைக்கலாம். கோடைக்காலத்தில் இரவு முழுவதும் வெளியே ஊறும் கடலையில் நுரையும் புளித்த வாடையும் தோன்றினால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஊறிய கடலையொன்றைப் பிளந்து பாருங்கள். நடுப்பகுதி உலர்ந்து கெட்டியாக இருந்தால் மேலும் ஊற வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் நெடுநாள் இருந்த பழைய கடலையோ, நன்கு ஊறிப் பருத்த பின்னரும் எளிதில் வேகாது. அதனைப் பிரஷர் குக்கரில் கூடுதல் நேரம் வேக வைக்க வேண்டும். இதற்காகப் பலர் ஆப்ப சோடா சேர்ப்பதுண்டு. அதில் சோடியம் இருப்பதால், உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்குச் சமைக்கும்போது தவிர்ப்பதே நன்று.

சிவப்பு ராஜ்மாவை ஊற வைத்தால் மட்டும் போதாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறிய பின், புதிய நீரில் 30 நிமிடம் நன்கு கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள நச்சுப் புரதம், உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.