சிறு விழுதல் விபத்து அறிக்கை

கட்டடம் கட்டும் இடத்தில் ஒருவர் உயரத்திலிருந்து கீழே விழுந்து, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தில்லாத காயத்தோடு தப்பினால், அந்த வேலையைக் கவனித்துவந்த சைட் சூப்பர்வைசர் எழுதும் பதிவே சிறு விழுதல் விபத்து அறிக்கை. பெரும்பாலும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி எது மாறும் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு ஏற்றபடி படிவம் மாறினாலும் இந்த மூன்றும் மாறுவதில்லை.

இந்த அறிக்கையை எழுதுவது கடினம். அதற்குக் காரணம் மொழி அல்ல, எழுதுபவர் நிற்கும் இடம். வேலை நடந்த விதத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாருமில்லை. ஆனால் அந்த வேலையை அப்படி நடக்க விட்டவரும் அவரே. அதனால் காரணம் எழுதும் கட்டத்துக்கு வரும்போது, விழுந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடும் சாய்வு இயல்பாகவே வந்துவிடுகிறது. அந்தச் சாய்வுக்கு இடம் கொடுக்காத அறிக்கைதான் அடுத்த விழுதலைத் தடுக்கும்.

இந்தியச் சட்டம் சிறு விபத்துக்கும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்துக்கும் இடையே ஒரு கோடு போட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின்படி, உயிரிழப்பு ஏற்பட்டாலோ, காயம்பட்டவர் விபத்தை அடுத்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ வேலை அளிப்பவர் அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே 48 மணி நேரத்தையே அளவாக வைத்திருக்கிறது. ஆகவே ‘சிறு’ என்ற சொல், விழுந்த உயரத்தையோ காயத்தின் தோற்றத்தையோ குறிப்பதல்ல. விபத்து நடந்த அன்று அதை உறுதியாகச் சொல்லவும் முடியாது.

ஒரு மாதிரி நிகழ்வு

அறிக்கை எப்படி உருவாகிறது என்பதைக் காட்ட, வழக்கமாக நடக்கக்கூடிய ஒரு நிகழ்வை இங்கே அமைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் உள்கூரைப் பூச்சு நடக்கிறது. 1.1 மீட்டர் உயரமுள்ள இரண்டு இரும்புக் குதிரைகள். அவற்றின் மேல் 2.4 மீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் கனமும் கொண்ட இரண்டு மரப்பலகைகள். செவ்வாய்க்கிழமை காலை 11.20 மணிக்குக் கலவைச் சட்டியோடு பலகையின் ஓரத்தில் ஏறிய சித்தாள் கீழே விழுகிறார். இடது மணிக்கட்டு வீங்குகிறது, முழங்கையில் சிராய்ப்பு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறிவு இல்லை.

பல இடங்களில் இதற்கு எழுதப்படும் அறிக்கை ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘சித்தாள் கவனமின்றி பலகையின் ஓரத்தில் கால் வைத்ததால் தவறி விழுந்தார். முதலுதவி அளிக்கப்பட்டது. கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது.’ மூன்று வாக்கியங்கள் இருந்தும் இதில் ஒரு அளவுகூட இல்லை. காரணமாகச் சொல்லப்பட்டதை யாரும் பார்க்கவில்லை. நடவடிக்கை என்று எழுதப்பட்டதால் அந்தப் பலகையில் எதுவும் மாறவில்லை.

கண்டதும் கேட்டதும்

காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் சூப்பர்வைசர் செய்ய வேண்டிய அடுத்த வேலை, அந்த இடத்தை அப்படியே நிறுத்திவைப்பது. பூச்சு வேலையில் இது எளிதல்ல. குழைத்த கலவை இறுகிவிடும் என்பதால் ஐந்து நிமிடத்தில் பலகையை எடுத்துப் போட்டு வேலையைத் தொடர்ந்துவிடுவார்கள். பலகையோடு சான்றும் போய்விடும். எனவே முதலில் படம், அடுத்து அளவு, அதன் பிறகே வாக்குமூலம்.

நம் நிகழ்வில் சூப்பர்வைசர் அளந்து எழுதியவை இவை. ஒரு பலகையின் ஒரு முனை தரையிலும் மறுமுனை குதிரையின் மேலும் கிடந்தது. குதிரைகளுக்கு இடையே 1.8 மீட்டர். கலையாமல் இருந்த மற்றப் பலகை ஒரு பக்கம் 15 சென்டிமீட்டரும், சித்தாள் ஏறிய பக்கம் 45 சென்டிமீட்டரும் குதிரைக்கு வெளியே நீட்டியிருந்தது. பலகைகள் எதிலும் கட்டப்படவில்லை. தரை உலர்ந்திருந்தது. தரையில் சிந்திக் கிடந்த கலவைக்கு நடுவே, குதிரையின் கால்கள் காலையில் ஊன்றியிருந்த இடங்கள் கலவை படாமல் தனியாகத் தெரிந்தன. இப்போது கால்கள் நின்ற இடம் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. பழைய இடத்தில் மின்வேலைக்கான குழாய்க் கட்டு ஒன்று கிடந்தது.

இதில் எங்கும் ‘இருக்கலாம்’ என்ற சொல் இல்லை. உண்மை விவரப் பகுதியில் ஊகத்துக்கு இடமில்லை. அதே சமயம், விழுந்ததைச் சூப்பர்வைசர் நேரில் பார்க்கவில்லை, அப்போது அவர் முதல் தளத்தில் இருந்தார் என்பதும் அங்கே எழுதப்பட வேண்டும். அந்த நேரத்தில் அருகில் இருந்தவர் கொத்தனார் ஒருவர்தான்.

வாக்குமூலத்தை அவரவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். தமிழ்நாட்டின் கட்டடங்களில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்கள் நிறைய இருப்பதால், மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. நம் சித்தாள் சொன்னது: ‘காலையிலேர்ந்து அந்தப் பக்கமாத்தான் ஏறி எறங்குறேன். இந்த வாட்டி கால வெச்சதும் பலக தூக்கிருச்சுங்க.’ கொத்தனார் சொன்னது: ‘மட்டப்பலகை எடுக்க நான் கீழ எறங்கினேன். திரும்புறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு.’

காலை முழுவதும் எதுவும் ஆகாத இடத்தில் 11.20க்கு மட்டும் என்ன மாறியது என்பதற்கான விடை இந்த இரண்டு கூற்றுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கிடைக்கிறது.

காரணம்

குதிரையைத் தாண்டி நீட்டியிருக்கும் பலகையில் ஏறுபவரின் எடை, அந்தக் குதிரையை அச்சாக வைத்துப் பலகையைத் தூக்கப் பார்க்கும். மறுபக்கத்தில் பலகையின் சொந்த எடை அதைக் கீழே அழுத்தும். இந்தப் பலகையின் எடை ஏறக்குறைய 18 கிலோ. அதன் நடுப்புள்ளி அந்தக் குதிரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது; பெருக்கினால் 1350. சித்தாளும் சட்டியும் சேர்ந்து 62 கிலோ என்று கொள்வோம். குதிரைக்கு வெளியே 30 சென்டிமீட்டரில் கால் வைத்தால் 1860. வெளிப்பக்கம் மிஞ்சுவதால் பலகை எகிறியே தீரும்.

கொத்தனார் பலகைகளின் நடுவே நின்றிருந்த நேரத்தில், அவர் எடையில் பாதியாகிய 32 கிலோ இந்தப் பலகையில் விழுந்திருந்தாலும் உள்பக்கத்துக்கு இன்னொரு 2400 சேர்ந்துவிடும். அப்போது பலகை அசையாது. அவர் இறங்கியதும் அந்த எடை போய்விட்டது. சித்தாள் கவனமாக ஏறியிருந்தாலும் விழுந்திருப்பார் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆபத்து காலையில் குதிரை நகர்ந்தபோதே வந்துவிட்டது. கொத்தனாரின் எடை அதை மறைத்து வைத்திருந்தது.

குதிரையை நகர்த்தியவர்கள் குழாய்க் கட்டை இறக்கிவைத்த மின்வேலைக்காரர்கள். அவர்கள் பெயரை எழுதி நிறுத்திவிட்டால் பழி மட்டுமே இடம் மாறும். நகர்த்திய பிறகு யாரும் ஏன் சரிபார்க்கவில்லை என்று ஒரு படி கீழே போக வேண்டும். அந்த சைட்டில் தினசரிச் சரிபார்ப்புத் தாள் வெளிச்சாரத்துக்கு மட்டுமே இருந்தது. 2 மீட்டருக்குக் குறைந்த மேடை அதில் சேரவில்லை. பலகையில் ஏறப் படியும் இல்லாததால், ஓரத்தில் கால் வைத்து ஏறுவதே அன்றாட வழக்கமாக இருந்தது. இந்த இரண்டும் சூப்பர்வைசரின் கைக்கு எட்டுபவை. அடிப்படைக் காரணம் என்று எழுத வேண்டியது இவற்றைத்தான்.

குறைந்த உயரத்தை விட்டுவிடுவது இந்த ஒரு சைட்டின் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்கக் கட்டுமான விதிகளில் சாரத்தின் மேல் விழுதடுப்பு கட்டாயமாவது 10 அடிக்கு மேல்தான். பிரிட்டனோ 2005இல் கொண்டுவந்த உயரப் பணி விதிகளில் குறைந்தபட்ச உயரத்தையே எடுத்துவிட்டது. விழுந்தால் காயம் ஏற்படக்கூடிய எந்த உயரமும் அதில் அடங்கும். 1.1 மீட்டர் மேடையைப் பார்க்க பிரிட்டிஷ் வழிதான் பொருத்தமானது.

கவனக்குறைவு என்று எழுதும் பழக்கம் ஓர் அறிக்கையோடு நிற்பதில்லை. காப்பீட்டுத் துறையில் பணியாற்றிய அமெரிக்கர் ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931இல் வெளியிட்ட நூலில், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்கின்றன என்று எழுதினார். பாதுகாப்புப் பயிற்சிகளில் இன்றும் அந்த எண் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்டவை காப்பீட்டுக் கோப்புகளும் தொழிற்சாலைப் பதிவுகளும். அந்தப் பதிவுகளில் பலவற்றை எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். ஃபிரெட் மானுவேல் போன்ற பிற்காலப் பாதுகாப்பு வல்லுநர்கள் அந்த எண்ணை ஏற்க மறுத்தார்கள். மேற்பார்வையாளர் யார் மேல் காரணத்தை எழுதினாரோ அதையே அந்த எண் திருப்பிச் சொல்கிறது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

திருத்த நடவடிக்கை

உடனே செய்த சீரமைப்பு வேறு, மறுபடி நேராமல் தடுக்கும் திருத்தம் வேறு. குழாய்க் கட்டை அகற்றிக் குதிரையைப் பழைய இடத்தில் வைத்தது சீரமைப்பு. நாளை வேறொரு அறையில் வேறொருவர் இன்னொரு குதிரையை நகர்த்துவார். அப்போதும் செல்லுபடியாவதே திருத்தம்.

இந்த அறிக்கையில் சூப்பர்வைசர் எழுதியது, ஒவ்வொரு பலகையிலும் இரு முனைகளிலிருந்தும் 15 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போட வேண்டும் என்பது. குதிரையின் மேல்சட்டம் அந்தக் கோட்டுக்கு நேர்கீழே இருந்தால்தான் ஏறலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும், வேறு மொழி பேசுபவரும், இதற்குப் பயிற்சியே பெறாத மின்வேலைக்காரரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளம் அது. அளவும் கணக்கிலிருந்தே வந்தது. கோட்டின்படி வைத்தால் பலகையின் நடுப்புள்ளி குதிரையிலிருந்து 105 சென்டிமீட்டர் உள்ளே வரும்; அதன் பெருக்கம் 1890. சித்தாள் பலகையின் கடைசி நுனியிலேயே நின்றாலும் 930தான். அமெரிக்க விதி இவ்வளவு நீளப் பலகைக்குப் பொதுவாக அனுமதிக்கும் உச்சமான 30 சென்டிமீட்டரை எடுத்திருந்தால், உள்பக்கம் 1620, நுனியில் 1860 என்று மறுபடியும் எகிறியிருக்கும். இதைவிடக் குட்டையான, இலேசான பலகை வந்தால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும் என்ற வரம்பையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

பலகைக்கு அடியில், குதிரையை ஒட்டிக் கட்டை அடிப்பது பலரும் சொல்லும் தீர்வு. பலகை வழுக்கிப் போவதை அது தடுக்கும், எகிறுவதைத் தடுக்காது. எகிறாமல் இருக்கப் பலகையைக் குதிரையோடு கம்பியால் கட்ட வேண்டும். ஒரு நாளில் பல முறை இடம் மாற்றப்படும் உள்பூச்சு மேடையில் அந்தக் கட்டு நிலைப்பது அரிது. அதனால்தான் கோடு. அதோடு, சட்டியை ஏந்தி ஏறுபவருக்கு இரண்டு குதிரைகளுக்கும் நடுவே ஒரு படி வைக்கப்பட்டது. தினசரித் தாளில் தாழ்வான மேடைகளுக்கு ஒரு வரி சேர்க்கப்பட்டது.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எதிரே பொறுப்பாளரும் முடிக்க வேண்டிய நாளும் எழுதப்படுகின்றன. முடிந்ததை வேறொருவர் சரிபார்ப்பதே முறை. கோடு போட்டாயிற்று என்பதோடு சரிபார்ப்பு முடிந்துவிடாது. ஒரு வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் மூன்று நான்கு அறைகளுக்குப் போய், குதிரைகள் கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் திருத்தம் வேலை செய்யவில்லை என்று அதே அறிக்கையில் எழுதி, மாற்று வழி தேட வேண்டும்.

மருத்துவமனைச் சீட்டு வந்ததும் அறிக்கையை மூடிவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. செவ்வாய் 11.20க்கு விழுந்த சித்தாள் புதனன்று ஓய்வெடுத்து வியாழன் காலை 8 மணிக்கு வேலைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரம் ஆகவில்லை. மணிக்கட்டு வலியால் வியாழன் 11.20 வரையிலும் வேலை செய்ய முடியாமல் போனால், இதே விழுதல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்தாகிவிடும். கூலி போய்விடும் என்ற அச்சத்தில் அவர் வலியோடு வந்து நின்று, எடை தூக்காமல் உட்கார வைக்கப்பட்டால் அதையும் வேலைக்குத் திரும்பியதாகக் கணக்கில் கொள்வது தவறு. அவர் திரும்பிய நாள், நேரம், அன்று செய்த வேலை ஆகிய மூன்றும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்து.