அதிரீனல் கட்டிகள்: ஸ்கான் படத்தில் பிரித்தறிதல்

அதிரீனல் சுரப்பிகள் இரண்டு சிறுநீரகங்களின் மேல் முனையிலும் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறிய சுரப்பிகள். கோர்ட்டிசோல், அல்டோஸ்டெரோன், அட்ரினலின் ஆகிய ஹோர்மோன்கள் இங்கே சுரக்கின்றன. வேறொரு காரணத்துக்காக வயிற்று ஸ்கான் எடுக்கும்போது இச்சுரப்பிகளில் கட்டி தென்படுவது அரிதல்ல. 50 வயதளவில் நூற்றில் மூவருக்கும், முதுமையில் நூற்றில் பத்துப் பேர் வரைக்கும் அது இருக்கிறது. பெரும்பாலானவை அடினோமா எனப்படும் தீங்கற்ற கட்டிகள். சில, வேறிடத்துப் புற்றுநோய் பரவியவையாகவோ, அதிரீனல் புறணியிலேயே தோன்றும் புற்றுநோயாகவோ, அட்ரினலினை அளவின்றிச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமாவாகவோ இருக்கலாம். சத்திரசிகிச்சை செய்யாமலே எது எதுவெனப் படத்திலிருந்து கண்டுகொள்ளும் முறை கடந்த 40 ஆண்டுகளில் உருவானது. அடர்த்தி அலகும் கொன்ட்ராஸ்ட் மருந்து வடியும் வேகமும் அதன் இரு தூண்கள்.

அளவுகோலின் தோற்றம்

எக்ஸ்ரே படத்தில் அதிரீனல் தெரியாது. சி.ரி. ஸ்கானுக்கு முன்பு, சிறுநீரகத்தைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி அதன் பின்னணியில் சுரப்பியின் உருவத்தைப் பார்க்கும் சிரமமான முறைகளே இருந்தன.

பிரித்தானியப் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.ரி. கருவியில் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதலாவது நோயாளி படமெடுக்கப்பட்டார். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இக்கருவி உருவத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணையும் தந்தது. அவ்வெண்ணே ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100 அருகில் நிற்கும். தசையும் ஈரல் போன்ற உறுப்புகளும் ஏறக்குறைய 40 முதல் 60 வரை வரும். கொழுப்பு தண்ணீரைவிடத் தாழ்ந்த எண்ணைத் தருகிறது என்பதே பின்னால் அதிரீனல் கட்டிகளைப் பிரிக்கும் திறவுகோலாயிற்று.

தற்செயலாகக் கண்ட கட்டிகள்

1970களின் நடுப்பகுதியில் உடல் முழுவதையும் படமெடுக்கும் கருவிகள் வந்ததும், வயிற்றுவலிக்காகவும் விபத்துக் காயத்துக்காகவும் எடுத்த படங்களில் யாரும் தேடாத அதிரீனல் கட்டிகள் தென்பட்டன. அமெரிக்காவின் கிளென் கீல்ஹோடும் எட்வர்ட் ட்ரூயியும் 1982இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றுக்கு ‘இன்சிடென்டலோமா’ என்று பெயரிட்டனர். அப்போது கையிலிருந்த ஒரே அளவுகோல் பருமன். பெரிய கட்டியை அகற்று, சின்னதைக் கவனித்திரு என்பதே வழக்கம். ஆனால் இரண்டு சென்ரிமீற்றர் கட்டி நுரையீரல் புற்றுநோய் பரவியதாகவும், ஐந்து சென்ரிமீற்றர் கட்டி வெறும் அடினோமாவாகவும் இருக்கலாம்.

10 அலகு என்ற எல்லை

பருமனைத் தாண்டிச் செல்ல உதவியது அடினோமாவின் உட்பொருள். அதிரீனல் புறணி கொலஸ்டெரோலிலிருந்து ஹோர்மோனைச் செய்வதால் அதன் செல்கள் கொழுப்பைத் தேக்கிவைக்கின்றன. அப்புறணியிலிருந்தே தோன்றும் அடினோமாவின் செல்களிலும் அக்கொழுப்பு நிறைந்திருக்கும். பரவிவந்த புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே கொன்ட்ராஸ்ட் ஏற்றாமல் எடுத்த படத்தில் அடினோமாவின் எண் தாழ்ந்து நிற்கும்.

1991இல் பொஸ்டனைச் சேர்ந்த லீயும் அவருடைய சகாக்களும் இவ்வேறுபாட்டை அளந்து காட்டினர். 1998இல் போலண்டும் சகாக்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, எல்லையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை தந்தனர். 2 அலகை எல்லையாக வைத்தால் அதற்குக் கீழுள்ளவை எல்லாம் அடினோமாவே; ஆனால் அடினோமாக்களில் 47 வீதமே பிடிபடும். 20இல் வைத்தால் 88 வீதம் பிடிபடும். ஆனால் தீய கட்டிகளில் 16 வீதம் நல்லவை எனத் தவறாகக் கணக்கிடப்படும். 10இல் வைத்தால் 71 வீதம் பிடிபடும். தவறு 2 வீதமே. அன்று முதல் 10 அலகே எல்லை.

இவ்வெண் அளப்பது கொழுப்பைத்தான், தீங்கின்மையை அல்ல. இதைக் கவனத்தில் வைத்தால் அதன் வரம்புகளும் விளங்கும். 10க்குக் கீழே நின்றால் நம்பலாம். மேலே நின்றால் கட்டி தீயது என்று பொருளல்ல. கொழுப்புக் குறைவு என்று மட்டுமே பொருள். அடினோமாக்களில் ஏறத்தாழ 30 வீதம் அப்படிப்பட்டவை.

அளக்கும் விதமும் முக்கியம். கட்டியின் பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளடங்கும்படி வட்டம் போட வேண்டும். ஓரத்தைத் தொட்டால் சுற்றியுள்ள வயிற்றுக் கொழுப்பும் கணக்கில் சேர்ந்து எண் பொய்யாகக் குறையும். சுண்ணாம்பு படிந்த இடத்தையும் அழுகிய இடத்தையும் தவிர்க்க வேண்டும். கட்டி முழுவதும் ஒரே சீராக இல்லாவிட்டால் சராசரி எண்ணுக்கு மதிப்பில்லை. கண்ணுக்கே கொழுப்புத் திட்டுகள் தெரிந்து எண் −30க்கும் கீழே போனால் அது பெரும்பாலும் மயலோலிப்போமா என்ற தீங்கற்ற வேறொரு கட்டி.

வொஷ் அவுட்

கொழுப்புக் குறைந்த அடினோமாவை எப்படி அடையாளங் காண்பது? மிச்சிகனில் கொரோப்கினும் ஒஸ்ரியாவில் சோலாரும் 1990களின் பிற்பாதியில் அயடின் கலந்த கொன்ட்ராஸ்ட் மருந்தின் போக்கைப் பின்தொடர்ந்தனர். அடினோமா மருந்தை விரைவாக வாங்கி விரைவாகவே விட்டுவிடுகிறது. தீய கட்டிகள் பல அதைத் தேக்கிவைக்கின்றன. 2002இல் கவோலியும் சகாக்களும் கொன்ட்ராஸ்டுக்கு முன், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில், 15 நிமிடத்தில் என மூன்று படங்கள் கொண்ட முறையை நிலைநிறுத்தினர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். குண்டசாலையில் வசிக்கும் ஒருவருக்குச் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த படத்தில் இடது அதிரீனலில் மூன்று சென்ரிமீற்றர் கட்டி தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். கட்டி சீராக இருக்கிறது. கொன்ட்ராஸ்ட் இல்லாமல் 24 அலகு. 10ஐத் தாண்டியதால் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ மூன்று படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒரு நிமிடத்தில் 92, 15 நிமிடத்தில் 46.

மருந்தால் ஏறியது 92 − 24 = 68. பின்னர் இறங்கியது 92 − 46 = 46. ஏறியதில் எத்தனை வீதம் இறங்கியது என்பதே முழு வொஷ் அவுட்: 46 ÷ 68, அதாவது 68 வீதம். 60 வீதமும் அதற்கு மேலும் அடினோமாவின் பக்கம். கொன்ட்ராஸ்ட் இல்லாத படம் எடுக்கப்படாதபோது ஒப்பீட்டு வொஷ் அவுட்டைப் பார்ப்பர்: 46 ÷ 92 = 50 வீதம். அதன் எல்லை 40. இரண்டு கணக்கும் இங்கே அடினோமாவையே சுட்டுகின்றன.

ஆனால் இத்தோடு கோப்பை மூட முடியாது. ஃபியோகுரோமோசைட்டோமாவும் மருந்தை விரைவாக விட்டுவிடலாம். சிறுநீரகப் புற்றும் ஈரல் புற்றும் அதிரீனலுக்குப் பரவியிருந்தால் அவையும் அப்படி நடந்துகொள்ளலாம். ஒரு நிமிடப் படத்தில் எண் 110, 130 என மிக உயர்ந்து நின்றால் ஃபியோகுரோமோசைட்டோமாவைச் சந்தேகிக்க வேண்டும்; உயராவிட்டாலும் அது இல்லை என்றாகாது. எனவே இந்நோயாளிக்கு இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டானெஃப்ரின் பார்க்கப்பட வேண்டும். அதைப் பார்க்காமல் கத்தி வைத்தால் மயக்க மருந்தின் கீழ் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு எகிறலாம்.

கொன்ட்ராஸ்ட் கொடுக்க முடியாதபோது

குண்டசாலையை ஊடறுத்துச் செல்லும் மகியங்கனை வீதியின் மறுமுனையில் கிராந்துருகோட்டை வட்டாரம் இருக்கிறது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அதிகமுள்ள பகுதி அது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அயடின் கொன்ட்ராஸ்ட் கொடுக்க வைத்தியர்கள் தயங்குவர். அங்கே உதவுவது 1992இல் மிட்செலும் சகாக்களும் அதிரீனலுக்குப் பயன்படுத்திக் காட்டிய ‘கெமிக்கல் ஷிஃப்ட்’ எம்.ஆர்.ஐ. ஒரே செல்லுக்குள் தண்ணீரும் கொழுப்பும் கலந்திருந்தால், இரண்டின் சமிக்ஞைகளும் ஒன்றையொன்று அழிக்கும் கணத்தில் எடுத்த படத்தில் கட்டி கறுத்துவிடும். மருந்து எதுவும் தேவையில்லை. ஆனால் இதுவும் கொழுப்பையே தேடுவதால், சி.ரி.யில் எண் 30ஐத் தாண்டிய கட்டிகளில் இதன் பயன் மிகக் குறைவு.

காசநோய்

தோமஸ் அடிசன் 1855இல் விவரித்த அதிரீனல் செயலிழப்பு நோயாளிகளில் பலருக்கு அதிரீனலில் காசநோய் இருந்தது. காசநோய் இன்னும் நீங்காத தென்னாசியாவில் அக்காரணத்தை மறக்கக்கூடாது. தொடக்கத்தில் இரு சுரப்பிகளும் பருத்து, நடுவே அழுகி, ஓரத்தில் மட்டும் கொன்ட்ராஸ்ட் ஏறி நிற்கும். ஆண்டுகள் கழிந்தால் சுருங்கிச் சுண்ணாம்பு படியும். முதல் நிலையில் அது இருபக்கமும் பரவிய புற்றுநோயைப் போலவே தோன்றும். வொஷ் அவுட் கணக்கு இங்கே எதையும் தீர்க்காது. உடல் மெலிவு, தோல் கறுப்பு, குறைந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் கோர்ட்டிசோல் குறைவு ஆகியவையே வழிகாட்டும்.

இன்றைய நிலை

ஐரோப்பிய அகச்சுரப்பியியல் சங்கம் அதிரீனல் கட்டி ஆய்வுக்கான ஐரோப்பிய வலையமைப்புடன் சேர்ந்து 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், சீராக 10 அலகுக்குள் இருந்தாலும் நான்கு சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால்தான் மேற்கொண்டு படம் வேண்டாம் என்றது. 2023 திருத்தத்தில் பருமன் நிபந்தனை நீங்கியது. சீரான 10 அலகுக் கட்டி எவ்வளவு பெரிதானாலும் தீங்கற்றதே. 11 முதல் 20 வரையுள்ள, சீரான, நான்கு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டிக்கு உடனே வேறொரு படம் எடுக்கலாம், அல்லது 12 மாதம் கழித்துக் கொன்ட்ராஸ்ட் இல்லாமல் மீண்டும் பார்க்கலாம். நான்கு சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் இருந்து, 20 அலகைத் தாண்டினாலோ சீரற்றிருந்தாலோ சத்திரசிகிச்சை பேசப்படும். வொஷ் அவுட்டின் ஆதாரம் வலுவற்றது எனவும் இவ்வழிகாட்டல்கள் கருதுகின்றன. ஒரு காலத்தில் தீர்ப்பாக இருந்த அந்தக் கணக்கு இன்று துணைச்சான்று மட்டுமே.

படம் சொல்வது தன்மையை மட்டும். கட்டி ஹோர்மோன் சுரக்கிறதா என்பதை அது சொல்லாது. 5 அலகே உள்ள அடினோமாவும் கோர்ட்டிசோலைக் கூடுதலாகச் சுரக்கலாம். ஆகவே இரவில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் கொடுத்து, மறுநாள் காலையில் கோர்ட்டிசோல் பார்க்கும் பரிசோதனை தனியே செய்யப்படுகிறது.

பழைய படம் கிடைத்தால் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பல வருடங்களாக அதே அளவில் நிற்கும் கட்டி புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஓராண்டுக்குள் விட்டத்தில் 20 வீதத்துக்கு மேலும், குறைந்தது ஐந்து மில்லிமீற்றரும் வளர்ந்திருந்தால் அது வளர்ச்சியாகக் கொள்ளப்படும். கிளினிக் கொப்பியோடு பழைய ஸ்கான் படங்களையும் கொண்டுவரும்படி நோயாளிகளிடம் சொல்வது இதனால்தான். பழைய அறிக்கையில் கட்டி குறிப்பிடப்படாவிட்டாலும் படத்தில் அது இருந்திருக்கலாம்.