டிராமடோல்: லேசான வலிமாத்திரை என்ற தவறான கணக்கு

முக்கூடல், வீரவநல்லூர், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டை வைத்து, கழுத்தைக் குனிந்தபடியே பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், எழுந்து நடமாடும் நேரம் வருமானத்தில் குறையும். கழுத்திலும் இடுப்பிலும் வலி நிலைத்துவிடுகிறது. முதலில் டைக்ளோஃபெனாக் ஊசியும் மாத்திரையும். பிறகு வயிற்றெரிச்சல். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் கிரியாட்டினின் ஏறத் தொடங்குகிறது. டிராமடோல் மருந்துச்சீட்டில் நுழைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கட்டத்தில்தான். டைக்ளோஃபெனாக் போல் வயிற்றைப் புண்ணாக்காது, சிறுநீரகத்தைக் கெடுக்காது, லேசான மருந்து என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. அந்தத் தவறுக்கான விலையைத் தாமிரபரணிக் கரையின் உழைக்கும் குடும்பங்கள் கொடுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லேசான மருந்து என்ற இந்த மதிப்பீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் க்ரூனென்தால் நிறுவனம் 1962இல் உருவாக்கி 1977இல் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து இது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வகுத்த மூன்று படிகளில், நடுப்படியான பலவீன ஓபியாய்டுகளின் வரிசையில் பின்னர் டிராமடோலும் கோடீனுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளோடு அது நேரடியாக ஒட்டும் வலு மிகக் குறைவு என்பது அதற்கான அடிப்படை. அந்த அளவீடு பிழையில்லை. ஆனால் அது மருந்தின் ஒரு பாதியை மட்டுமே அளக்கிறது.

விழுங்கிய டிராமடோலைக் கல்லீரலில் உள்ள CYP2D6 என்ற நொதி M1 என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. ஓபியாய்டு ஏற்பியோடு ஒட்டுவதில் M1 மூல மருந்தைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவானது. மார்ஃபினின் வேலையைச் செய்வது இதுதான். மாறாமல் மிஞ்சும் டிராமடோலோ, மனச்சோர்வு மாத்திரைகளைப் போல, நரம்பு இணைப்புகளில் செரோட்டோனினையும் நார்அட்ரினலினையும் தேங்க வைக்கிறது. ஆக ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள். எது எவ்வளவு கிடைக்கும் என்பது அவரவர் பிறவியிலேயே பெற்ற நொதியைப் பொறுத்தது. ஒரே 50 மில்லிகிராம் ஒருவருக்கு வலியையே தொடாமல் போகலாம், இன்னொருவரை மயக்கத்தில் ஆழ்த்தலாம்.

வலிப்பு இந்த இரட்டைத் தன்மையின் விளைவு. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் கற்பனை மனிதர், ஆனால் கணக்கு உண்மையானது. தோள்வலிக்கு அவருக்குக் கிடைத்தது 37.5 மி.கி. டிராமடோலும் 325 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. அதைக் காய்ச்சல் மாத்திரையின் அண்ணன் என்றே அவர் நினைக்கிறார். நாளுக்கு இரண்டில் தொடங்கியது, மருந்து பழகப் பழக, சில மாதங்களில் பன்னிரண்டுக்கு வந்து நிற்கிறது. பாராசிட்டமால் 3,900 மி.கி., அதாவது 4 கிராம் என்ற உச்ச வரம்புக்குச் சற்றுக் கீழே. டிராமடோல் 450 மி.கி., 400 என்ற உச்ச வரம்பைத் தாண்டியாகிவிட்டது. தூக்கம் வராததற்கு யாரோ எழுதித்தந்த மனச்சோர்வு மாத்திரையும் அவர் சாப்பிடுகிறார். அது ஃப்ளூவாக்ஸெட்டினாகவோ பராக்ஸெட்டினாகவோ இருந்தால் CYP2D6ஐத் தடுக்கும். M1 குறைவதால் வலி தணியாது. மூல டிராமடோல் ரத்தத்தில் மிகும், செரோட்டோனினும் கூடும். வலி தணியவில்லையே என்று அவர் இன்னும் இரண்டு மாத்திரை போடுகிறார்.

சில மணி நேரத்தில் கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, நினைவிழந்து விழுகிறார். டிராமடோல் வலிப்புகளில் பெரும்பாலானவை மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் ஆறு மணி நேரத்தில் வருகின்றன. வரம்பைத் தாண்டியவர்களுக்கே அபாயம் மிகுதி என்றாலும், எழுதித்தந்த அளவிலேயே வலிப்பு வந்தவர்களும் உண்டு. முன்பே வலிப்பு நோயோ தலைக்காயமோ இருந்தவர்களுக்கும், குடிப்பவர்களுக்கும் குடியைத் திடீரென நிறுத்தியவர்களுக்கும் வாசல் இன்னும் தாழ்வானது.

மருத்துவமனையில் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. நம் பகுதியில் இளவயதில் முதல் வலிப்பு என்றால் மூளையில் நாடாப்புழுக் கட்டி இருக்குமோ என்று ஸ்கேன் எடுப்பது வழக்கம், அது சரியானதும்கூட. ஸ்கேன் சுத்தம், இ.இ.ஜி. சுத்தம், காய்ச்சல் இல்லை. போதைப்பொருளுக்கான சாதாரண சிறுநீர்ச் சோதனையும் ஒன்றும் காட்டாது, ஏனெனில் அது மார்ஃபின் வகையைக் கண்டுபிடிக்கத்தான் அமைக்கப்பட்டது, டிராமடோல் அதன் கண்ணில் படாது. கடைசியில் 'வலிப்பு நோய்' என்று எழுதப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மாத்திரை தொடங்கப்படுகிறது. காரணமோ சட்டைப்பையில் இருக்கும் அட்டையில் அப்படியே இருக்கிறது. ஆகவே மூன்று நாட்களாக என்னென்ன மாத்திரை போட்டார் என்று உறவினரிடம் கேட்டு, அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது எந்த இயந்திரச் சோதனையையும்விட இங்கே பயன் தரும். இன்னொன்றும் உண்டு. ஓபியாய்டு நஞ்சை முறிக்கும் நலாக்ஸோன் இவரது மூச்சைத் திருப்பும், வலிப்பை நிறுத்தாது, சில வேளை அதைத் தூண்டவும் கூடும். வலிப்புக்கு வேண்டியது லோராசிபாம் போன்ற மருந்து.

அடிமைத்தனமும் இதே இரண்டு பாதைகளில் நடக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒருநாள் நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல் வரும். இது ஓபியாய்டு விலகலின் முகம். ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு வேறொரு முகமும் சேர்ந்துகொள்கிறது: கடும் பீதி, உடம்பில் ஊர்வது போன்ற உணர்வு, இல்லாததைக் காண்பது, யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சந்தேகிப்பது. குடும்பத்தார் இதைப் பேய்க்கோளாறு என்றோ புதிதாக வந்த மனநோய் என்றோ எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதைவிடப் பரவலானது, நோயாளி தானே ஏமாறுவது. விலகலால் வரும் உடல்வலியைப் பழைய இடுப்புவலி திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி மாத்திரையைத் தேடுகிறார். போதையை நாடாத ஒருவர் இப்படித்தான் அடிமையாகிறார். இவரை ஒழுக்கக்கேடர் என்று ஏசுவதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. அளவைப் படிப்படியாகக் குறைப்பதும், மிகுதியாகச் சாப்பிட்டவரை மனநலப் பிரிவில் சேர்த்துப் பார்ப்பதும்தான் வழி.

போதைக்காகவே தேடுபவர்களின் கதை வேறு. டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீன் கேப்ஸ்யூல் பரவலாகத் தவறாகப் பயன்பட்ட மருந்து. 2013 மே மாதம் மத்திய அரசு அதைத் தடை செய்ததும், சில கூட்டு மருந்துகளில் அதன் இடத்துக்கு டிராமடோல் வந்தது. 2018 ஏப்ரல் 26 அன்று டிராமடோல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்த அறிவிப்பில் டேபெண்டடால் என்ற இன்னொரு வலி நிவாரணி இல்லை. அதன்பின் தமிழ்நாட்டில் 'வலி நிவாரணி மாத்திரையுடன் இளைஞர்கள் கைது' என்று வரும் செய்திகளில் டேபெண்டடாலின் பெயரே திரும்பத் திரும்ப அடிபடுகிறது. கல்லீரலின் மாற்றத்துக்குக் காத்திராமல் தானே ஓபியாய்டு ஏற்பியில் வேலை செய்யும் மருந்து அது. வாய்வழி மாத்திரையை நீரில் கரைத்து ஊசியில் ஏற்றும்போது மாத்திரையின் மாவும் டால்க்கும் ரத்தக்குழாயிலும் நுரையீரலின் நுண்குழாய்களிலும் படிகின்றன. கையில் சீழ்க்கட்டி, ஊசியைப் பகிர்வதால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. என்று தொடர்கிறது.

டிராமடோலைத் தடை செய்யச் சொல்லவில்லை. மார்ஃபின் எட்டாத ஊர்களில் புற்றுநோயாளிக்கு அது ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரத் தயங்குவதும் இந்தக் காரணத்தால்தான். பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு டிராமடோல் எழுதும் மருத்துவர், அவள் சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் (கிரியாட்டினின் கழிவுவீதம் 30க்குக் கீழ்) நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, பன்னிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எந்தச் சிறுநீரகத்தைக் காக்க டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினாரோ, அதே சிறுநீரகம்தான் டிராமடோலையும் அதன் M1ஐயும் வெளியேற்றியாக வேண்டும். மருந்துச்சீட்டில் எத்தனை நாள் என்றும், மனச்சோர்வு மாத்திரையோ முந்தைய வலிப்போ உண்டா என்றும் எழுத இரண்டு வரி போதும். மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டுக்கு மறுபடி கொடுக்க மறுப்பதற்கும் அந்த இரண்டு வரிதான் ஆதாரம்.