சரக்கைப் பிந்தி அனுப்பக் கேட்டல் (குறிகட்டுவான் வழி)

வாங்குபவரின் களஞ்சியம் தயாராகாத நிலையில், ஒப்புக்கொண்ட நாளில் சரக்கை அனுப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்பது வணிகத்தில் அன்றாட வழக்கம். நெடுந்தீவுக்குச் சீமெந்து எடுப்பவருக்கு இந்தக் கோரிக்கையில் நேரமே முக்கியம். யாழ்ப்பாணத்தில் லொறியில் ஏறும் மூட்டை பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். லொறி புறப்பட்ட பின் வரும் தொலைபேசி அழைப்பால் சரக்கு நிற்பதில்லை, துறையில் தேங்கும்.

துறை என்பது களஞ்சியம் அல்ல. 100 மூட்டை, அதாவது 5 தொன், ஓரிரவு தறப்பாளின் கீழ் கிடந்தாலும் உப்பு ஈரம் அடிமூட்டைகளுக்குள் இறங்கத் தொடங்கும். சோளகம் பலமாக வீசும் நாட்களில் வள்ளம் ஓடாவிட்டால் ஓரிரவு மூன்றாகும். பழுதைக் கையாலேயே அறியலாம்: விரலால் நசுக்க உதிரும் கட்டி பெரும்பாலும் மூட்டையின் மேல் மூட்டை அழுத்தியதால் வந்தது, உதிராத கட்டி ஈரம் பட்டு இறுகியது, அது கட்டடத்துக்கு உதவாது.

எனவே கோரிக்கை ஏற்றுவதற்கு முன்பே போக வேண்டும். அதன் சொல் இப்படி இருக்கும்: "அண்ணை, ஸ்ரோருக்குத் தகரம் இன்னும் போடேல்லை. நாளைக்கு ஏத்தாதேங்கோ, வாற வெள்ளிக்கு ஏத்துங்கோ. செக்கையும் ஒரு கிழமை தள்ளி எழுதித் தாறன்." இதில் காரணம், புதிய நாள், காசு மூன்றும் உள்ளன. பலர் மறப்பது மூன்றாவதை. முற்கூட்டியே திகதியிட்டுக் கொடுத்த காசோலை பழைய நாளிலேயே வங்கிக்குப் போனால், சரக்கு வராமலே காசு போய்விடும். "பிறகு சொல்லுறன்" என்பது கோரிக்கையே அல்ல. விற்பவர் மூட்டைகளை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

இலங்கையில் இதை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893இன் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியது. விற்பவர் தயாராக இருந்து, எடுக்கும்படி கேட்டும் வாங்குபவர் நியாயமான காலத்துக்குள் எடுக்காவிட்டால், அதனால் வரும் நட்டத்துக்கும் காத்துவைத்த செலவுக்கும் வாங்குபவரே பொறுப்பு. அவருடைய தவறால் தாமதித்த காலத்தில், அத்தாமதம் இல்லாவிடில் நேர்ந்திராத சேதமும் அவர் தலையிலேயே. விற்பவர் இணங்கிப் புதிய நாள் குறித்துவிட்டால் தாமதம் தவறாகாது. கோரிக்கையின் பயனே அதுதான்.

வாய்ச்சொல்லாகக் கேட்டாலும் அது கேட்டவரைக் கட்டுப்படுத்தும். 1875இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹிக்மன் எதிர் ஹெய்ன்ஸ் வழக்கில், தவணைமுறையில் இரும்பு வாங்கியவர்கள் கடைசி 25 தொன்னைப் பிற்போடும்படி வாயாலேயே கேட்டனர். பிறகு எடுக்க மறுத்தனர். சொன்ன நாளில் விற்பவர் தரவில்லை என்ற அவர்களின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை: பிற்போடச் சொன்னவர்கள் அவர்களே. ஆனாலும் நாளும் மூட்டைக் கணக்கும் எழுதிய ஒரு குறுஞ்செய்தியைக் கையில் வைத்திருப்பது வழக்காடுவதைவிடச் சுலபம்.

நெடுந்தீவுப் பக்கத்தில் களஞ்சியம் "தயார்" எனப்படுவது கூரை மட்டும் அல்ல. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, சுவரோடு ஒட்டாத இடைவெளி, பத்து மூட்டைக்கு மேற்படாத அடுக்கு ஆகியவையும் வேண்டும். ஐப்பசி மழை நெருங்கும்போது, தகரம் முடிந்த அன்றே லொறியை ஏற்றச் சொல்லாமல், ஒரு மழை பெய்து ஒழுக்குப் பார்த்த பின் சொல்வோரும் உண்டு.